மருந்து எங்கே தொடும், எங்கே சுடும்

ஆம்போடெரிசின்-பி என்ற பூஞ்சை மருந்தை எழுதும் மருத்துவர் அதே தாளில் இன்னும் சிலவற்றையும் சேர்த்து எழுதுவார். மருந்துக்கு முன்னால் ஒரு பாட்டில் சலைன், குளிர்சுரம் வராமலிருக்க ஒரு பாராசிட்டமால், அடிக்கடி பொட்டாசியம், மெக்னீசியம், கிரியாட்டினின் பரிசோதனை. பென்சிலின் ஊசிக்கு இவ்வளவு ஏற்பாடு கிடையாது. ஒவ்வாமை உண்டா என்று விசாரித்துவிட்டால் பெரும்பாலும் போதும். இரண்டும் கிருமியைக் கொல்லத்தான் வந்தவை. ஒன்றுக்கு மட்டும் ஏன் இத்தனை காவல்?

பாக்டீரியா நம்மிலிருந்து வெகு தொலைவில் உள்ள உயிர். அதன் செல்லைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. நம் செல்லுக்குச் சுவரே கிடையாது. பென்சிலின் அந்தச் சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கிறது. நம் உடலில் அதற்குக் கெடுக்க எதுவும் இல்லை. பூஞ்சையின் கதை வேறு. பரிணாமக் கணக்கில் அது செடிகொடிகளைவிட விலங்குகளுக்கு, அதாவது நமக்கு, நெருங்கிய உறவு. வைரஸோ இன்னொரு வகைத் தொல்லை. சொந்தமாகப் பட்டறை எதுவும் இல்லாமல் நம் செல்லுக்குள் புகுந்து நம் கருவிகளை வைத்தே பெருகுகிறது. இரண்டையும் அடிக்கக் கை ஓங்கினால் அடி நம் மேலும் விழக்கூடும்.

மருந்தியல் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இந்த மருந்துகளை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வார்கள்: பெயர், வேலை செய்யும் விதம், நச்சு என்று மூன்று பத்திகள். பரீட்சை முடிந்த மறுவாரம் மூன்றாவது பத்தி மறந்துபோகும். அந்தப் பத்தியைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை என்பது என் எண்ணம். எதிரிக்கும் நமக்கும் இடையே மருந்து எந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறது, அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது, மருந்து எந்த வழியாக உடலை விட்டு வெளியேறுகிறது என்று பார்த்தால், தீங்கின் பெரும்பகுதி அங்கேயே தெரிந்துவிடும்.

பூஞ்சையிலிருந்து தொடங்கலாம். நம் செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. பூஞ்சையின் சவ்வில் அந்த இடத்தில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. இரண்டும் அமைப்பில் கிட்டத்தட்ட ஒரே ஜாடை. 1950-களின் நடுவில், வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஆம்போடெரிசின், எர்கோஸ்டெராலை இறுகப் பிடித்துக்கொள்கிறது. சவ்வில் துளை விழுந்து உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிகிறது என்றுதான் பல பத்தாண்டுகளாகப் பாடம் சொன்னார்கள். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பர்க் குழுவினர் 2014-இல் வேறொன்றைக் காட்டினார்கள். இந்த மருந்து சவ்வின்மேல் திரளாகப் படிந்து எர்கோஸ்டெராலை உறிஞ்சி வெளியே இழுத்துவிடுகிறது; துளை இரண்டாம்பட்சம்தான். எப்படி இருந்தாலும் சிக்கல் ஒன்றுதான். ஜாடை ஒத்திருப்பதால் கொலஸ்ட்ராலையும் மருந்து கொஞ்சம் பிடிக்கிறது. அந்தக் கொஞ்சத்தின் விலையை அதிகமாகக் கொடுப்பது சிறுநீரகம்.

2021 மே மாதத்தில் கருப்புப் பூஞ்சை என்ற பெயரில் மியூகார்மைகோசிஸ் நாடெங்கும் பேச்சானது. அந்த மாதமே தமிழ்நாட்டிலும் அது அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கோடையில் வார்டுகளில் கிடந்த பலரின் சாயலில் ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 52, எடை 60 கிலோ. சர்க்கரை நோய் உண்டு. கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவருக்கு ஒரு கன்னம் மரத்துப்போகிறது, கண் வீங்குகிறது, மூக்கில் கருத்த பொருக்கு. இந்தப் பூஞ்சை ரத்தக் குழாய்க்குள் வளர்ந்து அதை அடைத்துவிடும். அடைத்த இடத்துக்கு ரத்தம் போகாது, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால் செத்த சதையை முதலில் அறுவை செய்து அகற்றியாக வேண்டும். மருந்து மட்டும் போதாது.

லிப்போசோம் வகை கிடைக்கவில்லை, பழைய வகைதான் கையில் இருக்கிறது. கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் நாளுக்கு 60 மில்லிகிராம். அதை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். சலைனில் கலந்தால் மருந்து திரிந்து படிந்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு டெக்ஸ்ட்ரோஸா என்று யாராவது நல்லெண்ணத்தில் பாட்டிலை மாற்றினால் அன்றைய மருந்து வீண். மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்ற அளவில் 600 மில்லிலிட்டராக்கி, நான்கு முதல் ஆறு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். முதல் சில நாட்கள் மருந்து ஏறும்போதே உடம்பு தூக்கிப்போடும் அளவுக்குக் குளிரும் காய்ச்சலும் வரும். இது ஒவ்வாமை அல்ல. மருந்தைக் கண்ட நம் தற்காப்புச் செல்கள் காய்ச்சலைத் தூண்டும் பொருள்களை அவிழ்த்துவிடுவதால் வருவது. பாராசிட்டமாலும் மெதுவான வேகமும் இதைத் தணிக்கும்.

உண்மையான கவலை அடுத்த சில நாட்களில் தெரியும். முதல் நாள் கிரியாட்டினின் 0.9, பொட்டாசியம் 4.1. ஆறாம் நாள் கிரியாட்டினின் 1.7, பொட்டாசியம் 2.8 என்று வைத்துக்கொள்வோம். இங்கே இரண்டு தனித்தனிக் காரியங்கள் நடந்திருக்கின்றன. ஒன்று, சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுவரும் சிறு நாளங்களை மருந்து சுருக்குகிறது; வடிகட்டுதல் குறைந்து கிரியாட்டினின் ஏறுகிறது. மருந்துக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் சலைன் தடுக்கப் பார்ப்பது இதைத்தான். இன்னொன்று, சிறுநீரக நுண்குழல்களின் செல் சவ்வையே மருந்து ஓட்டையாக்குகிறது. பூஞ்சைக்கு நேர்ந்தது இங்கேயும் நேர்கிறது. பொட்டாசியமும் மெக்னீசியமும் சிறுநீரில் ஒழுகிப்போகின்றன.

பொட்டாசியம் ஏற்றுகிறார்கள். மறுநாள் 2.9. இன்னும் ஏற்றுகிறார்கள், அசையவில்லை. புதிதாக வார்டுக்கு வந்த பயிற்சி மருத்துவர்கள் தடுமாறும் இடம் இது. மெக்னீசியம் பார்த்தால் அதுவும் இறங்கியிருக்கும். நுண்குழலில் பொட்டாசியம் வெளியேறும் வாசலை அடக்கி வைத்திருப்பது மெக்னீசியம்தான். அது குறைந்தால் வாசல் திறந்தபடி கிடக்கும், ஊற்றுவதெல்லாம் சிறுநீரில் போகும். மெக்னீசியத்தை முதலில் சரிசெய்தால்தான் பொட்டாசியம் நிற்கும். 2.5-க்குக் கீழே போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு என்பதால் இதில் மெத்தனம் கூடாது.

இதற்குள் லிப்போசோம் வகை வந்துசேர்கிறது. கிலோவுக்கு 5 மில்லிகிராம், ஆக நாளுக்கு 300 மில்லிகிராம். ஒரு குப்பியில் 50 மில்லிகிராம் என்றால் ஒரே ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு குப்பி. பல வாரங்கள் இப்படி. அந்த ஆண்டு தட்டுப்பாடு ஏன் அத்தனை கொடுமையாக இருந்தது என்பது இந்தப் பெருக்கலிலேயே தெரியும். ஐந்து மடங்கு மருந்து எப்படிச் சிறுநீரகத்தைக் குறைவாகத் தொடுகிறது? கொழுப்புக் குமிழிக்குள் மருந்து அடைபட்டிருக்கிறது. தனியாக ரத்தத்தில் திரிவது சிறிதளவுதான். நுண்குழல்களை எட்டும் அளவு குறைகிறது, பூஞ்சை இருக்கும் இடத்தில் குமிழி அவிழ்கிறது. தீங்கு குறைந்ததே தவிர இல்லாமல் போகவில்லை. ரத்தப் பரிசோதனை தொடரத்தான் வேண்டும். 2023-இல் பர்க் குழு எர்கோஸ்டெராலை மட்டும் பிடித்து, கொலஸ்ட்ராலை விட்டுவிடும் ஒரு மாற்று மூலக்கூறை அறிவித்தது. எலிகளிலும், மனிதச் சிறுநீரகச் செல்களிலும் அது சிறுநீரகத்தைச் சீண்டவில்லை. எழுபது ஆண்டு நச்சுக்குக் காரணம் அந்த ஜாடைப் பிழைதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சில வாரம் கழித்து நம் நோயாளியை மாத்திரைக்கு மாற்றுகிறார்கள்: போசகோனசோல், முதல் நாள் 300 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு தினம் ஒருமுறை. இது அசோல் குடும்பம். அசோல்கள் சவ்வைத் தொடுவதில்லை. எர்கோஸ்டெரால் தயாராகும் வழியில் ஒரு நொதியை முடக்குகின்றன. அந்த நொதி சைட்டோகுரோம் பி-450 என்ற பெரிய வம்சத்தைச் சேர்ந்தது. நம் கல்லீரலில் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளும் அதே வம்சம்தான். எனவே அசோல்களின் முதன்மையான தொல்லை பிற மருந்துகளோடு வரும் சண்டை. அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவருக்குப் போசகோனசோல் கொடுத்தால் கொழுப்பு மாத்திரை உடலில் தேங்கித் தசையைச் சிதைக்கலாம். சாதாரண ஃப்ளுகோனசோல்கூட, சர்க்கரைக்கு கிளிமிபிரைடு எடுப்பவரிடம் அந்த மாத்திரையை வெளியேறவிடாமல் தடுத்துச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கலாம். இதை மருந்துக்கடையில் யாரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

ஸ்டீராய்டு ஹார்மோன்களைத் தயாரிக்கும் நொதிகளும் அதே வம்சம் என்பதால் இன்னொரு வகைத் தீங்கும் புரியும். பழைய கீட்டோகோனசோல் மாத்திரை டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்து ஆண்களுக்கு மார்பகம் வளரச் செய்தது. போசகோனசோல் அட்ரீனல் சுரப்பியில் ஒரு நொதியை மறித்து, உப்பைத் தேக்கும் ஹார்மோனின் முன்னோடிகளைக் குவியவைக்கும். நம் நோயாளிக்கு ஆறாவது வாரம் பொட்டாசியம் மீண்டும் 3.0 என்று வருகிறது. ஆம்போடெரிசினின் மிச்சமா? ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். அழுத்தம் புதிதாக 160-ஐத் தாண்டி, கிரியாட்டினின் அசையாமல் இருந்தால் குற்றவாளி போசகோனசோல்தான். ஆம்போடெரிசினில் பொட்டாசியம் ஒழுகும்போது கிரியாட்டினினும் கூடவே ஏறியிருக்கும். அழுத்தம் இப்படி ஏறுவதில்லை.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். அசோல் என்ற குடும்பப் பெயரை நம்பி எல்லாம் ஒன்றென்று நினைக்கக் கூடாது. ஃப்ளுகோனசோலும் வோரிகோனசோலும் கருப்புப் பூஞ்சையைத் தொடவே தொடாது. வோரிகோனசோல் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறு பூஞ்சைக்கு முதல் தேர்வு. பார்வையில் நிறங்கள் மினுங்குவதும், வெயிலில் தோல் கருகுவதும் அதன் தனி முத்திரைகள். பெயரின் வால் ஒன்றாக இருப்பதை வைத்து இதற்கு அதைக் கொடுத்தால் நாட்கள்தான் கழியும்.

இதே அளவுகோலை வைத்துப் பார்த்தால் மற்ற பூஞ்சை மருந்துகள் விரைவில் அடங்கும். காஸ்போபங்கின் குடும்பம் பூஞ்சையின் செல்சுவரில் உள்ள குளூக்கான் என்ற பொருளை உருவாக விடாது. நம்மிடம் சுவரும் இல்லை, குளூக்கானும் இல்லை. பென்சிலினைப் போல இதுவும் சாதுவான மருந்து. ஆனால் ஊசியாக மட்டுமே போட முடியும், கருப்புப் பூஞ்சையில் தனியாக உதவாது. ஃப்ளூசைட்டோசின் பூஞ்சைக்குள் போன பிறகு ஒரு நொதியால் புற்றுநோய் மருந்தான ஃப்ளோரோயுராசிலாக மாறுகிறது. அந்த நொதி நம் செல்லில் இல்லை, ஆனால் நம் குடலில் வாழும் பாக்டீரியாவிடம் இருக்கிறது. அங்கே மாறியது ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜையைத் தாக்குவதாகத்தான் கருதுகிறார்கள். படர்தாமரைக்குக் கொடுக்கும் டெர்பினாஃபைனும் எர்கோஸ்டெரால் வழியில்தான், ஆனால் அசோலுக்கு முந்தைய ஒரு படியில், வேறு வம்ச நொதியில் கை வைக்கிறது. மருந்துச் சண்டை குறைவு. நாக்கில் ருசி போவதும் கல்லீரல் கெடுவதும் எப்போதாவது நடக்கும். ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைக் கண்டபடி தடவும் பழக்கம் பரவிய நம் நாட்டில் இப்போது டெர்பினாஃபைனுக்கு அடங்காத படர்தாமரை பெருகியிருக்கிறது. அதை உண்டாக்கும் பூஞ்சை ஒன்றுக்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று இந்தியாவின் பெயரையே சூட்டிவிட்டார்கள். பெருமைப்படும்படியான கௌரவம் இல்லை.

இனி வைரஸ். இதில் அசைக்ளோவிர்தான் ஆரம்பப் பாடம். 1970-களில் கெர்ட்ரூட் எலியன் இருந்த ஆய்வுக்கூடத்தில் உருவானது. 1988-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். ஹெர்பிஸ் வைரஸும், சின்னம்மை, அக்கி இரண்டையும் உண்டாக்கும் வைரஸும் தைமிடின் கைனேஸ் என்ற நொதியைத் தம்மோடு கொண்டுவருகின்றன. அசைக்ளோவிர் வேலைசெய்ய மூன்று பாஸ்பேட்டுகள் அதோடு சேர வேண்டும். முதல் பாஸ்பேட்டை இந்த வைரஸ் நொதிதான் சேர்க்கிறது. நம் நொதிகள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு இரண்டை நம் செல் சேர்க்கிறது. ஆக, வைரஸ் இல்லாத செல்லில் மருந்து தூங்கிக்கிடக்கும். தயாரானதும் வைரஸின் டி.என்.ஏ சங்கிலியில் போய் இணைகிறது. ஒருபக்கம் மட்டும் கொக்கி உள்ள ரயில் பெட்டி போல, இதற்குப் பின்னால் அடுத்தது சேர வழியில்லை. சங்கிலி அங்கேயே நிற்கிறது.

இவ்வளவு குறிபார்த்து அடிக்கும் மருந்துக்கும் சிறுநீரகத் தொல்லை உண்டு. ஆனால் அது ஆம்போடெரிசினின் தொல்லை அல்ல. அசைக்ளோவிர் தண்ணீரில் அதிகம் கரையாது. மூளையில் ஹெர்பிஸ் தாக்கியவருக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம், எட்டு மணிக்கு ஒருமுறை நாளம் வழியாகக் கொடுக்கிறார்கள். 60 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு தடவையும் 600 மில்லிகிராம். இதை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு வேகமாகத் தள்ளினால், உடம்பில் நீர்ச்சத்தும் குறைந்திருந்தால், நுண்குழல்களுக்குள் மருந்து படிகமாகி அடைத்துக்கொள்ளும். ஓரிரு நாளிலேயே கிரியாட்டினின் ஏறும். நீர் நன்றாக ஏற்றி மருந்தின் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். இது சாதாரண அடைப்பு. செல் சவ்வின் கசிவுபோலப் பொட்டாசியத்தை இழுத்துக்கொண்டு போவதில்லை.

இன்னொரு கண்ணி வீடுகளிலேயே நடக்கிறது. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்த முதியவருக்கு அக்கி வருகிறது. வாலசைக்ளோவிர் 1 கிராம் மூன்று வேளை என்று வழக்கமான அளவையே எழுதிவிடுகிறார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தாத்தா இல்லாத ஆளோடு பேசுகிறார், கை நடுங்குகிறது. அக்கி மூளைக்கு ஏறிவிட்டது என்று வீடு கலங்கும். சில சமயம் மருத்துவரும் அப்படி நினைத்து அசைக்ளோவிரைக் கூட்டுவார். காய்ச்சலே இல்லை, மருந்து தொடங்கிய ஓரிரு நாளில் வந்தது, கிரியாட்டினின் அதிகம் என்ற மூன்றும் சேர்ந்தால் முதலில் மருந்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். நிறுத்தினால் தெளியும், டயாலிசிஸ் செய்தால் இன்னும் சீக்கிரம்.

வைரஸின் சொந்த நொதியை நம்பும் இந்த ஏற்பாடு தளரத் தளர, நச்சு ஏறுகிறது. உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களைத் தாக்கும் சைட்டோமெகலோ வைரஸிடம் தைமிடின் கைனேஸ் இல்லை. வேறொரு கைனேஸ்தான் கான்சைக்ளோவிரைத் தயார்ப்படுத்துகிறது. இந்த மருந்து நம் செல்களிலும் கொஞ்சம் தயாராகிவிடும். வேகமாகப் பிரியும் எலும்பு மஜ்ஜைச் செல்கள் முதலில் மாட்டுகின்றன, வெள்ளணுக்கள் குறைகின்றன. வைரஸ் அந்தக் கைனேஸை மாற்றிக்கொண்டு தப்பினால் ஃபோஸ்கார்னெட். அதற்கு யாருடைய தயாரிப்பும் வேண்டாம், நேரே வைரஸின் பாலிமரேஸில் போய் உட்காரும். பாஸ்பேட் போன்ற அதன் உடல், ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். மருந்து ஏறும்போதே உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்று நோயாளி சொல்வார். பரிசோதனைத் தாளில் மொத்தக் கால்சியம் சரியாகவே இருக்கும். கட்டுப்படாமல் திரியும் அயனிக் கால்சியத்தைத் தனியாகக் கேட்டு வாங்கினால்தான் குறைவு தெரியும். கவனிக்காவிட்டால் வலிப்புவரை போகும்.

சிடோஃபோவிர் இன்னொரு பாடம். அதில் முதல் பாஸ்பேட்டுக்கு நிகரானது ஏற்கெனவே ஒட்டப்பட்டிருக்கிறது. சிறுநீரக நுண்குழல் செல்லில் உள்ள ஒரு வாசல் இதை உள்ளே இழுத்துக் குவிக்கிறது, செல் சாகிறது. அதனால் கீல்வாதத்துக்குப் பயன்பட்ட புரோபெனிசிட் என்ற பழைய மாத்திரையை முன்கூட்டியே கொடுத்து அந்த வாசலை மூடுகிறார்கள். எச்.ஐ.வி-க்கும் மஞ்சள்காமாலை-பி வைரஸுக்கும் கொடுக்கும் டெனோஃபோவிர் இதன் உறவு. அதே வாசல் வழியாகவே நுழைகிறது, ஆனால் தீங்கு மிகக் குறைவு, மெல்ல வருவது. அதை முன்கூட்டியே காட்டும் குறி ஒன்று உண்டு: ரத்தத்தில் சர்க்கரை சாதாரணமாக இருக்க, சிறுநீரில் சர்க்கரை வருவது, கூடவே ரத்தத்தில் பாஸ்பேட் குறைவது. புதிய அலாஃபெனமைடு வடிவம் செல்லுக்குள் போன பிறகே பிரிவதால் 300 மில்லிகிராம் செய்த வேலையை 25 செய்துவிடுகிறது. ரத்தத்தில் திரியும் டெனோஃபோவிர் குறைகிறது.

எச்.ஐ.வி மருந்துகளில் இன்னொரு ஜாடைப் பிழையும் உண்டு. நம் செல்லின் மைட்டோகாண்டிரியாவுக்குத் தனி டி.என்.ஏ இருக்கிறது, அதைப் படியெடுக்கத் தனிப் பாலிமரேஸும் இருக்கிறது. ஸ்டாவுடின் போன்ற பழைய மருந்துகளை அந்தப் பாலிமரேஸ் வைரஸினுடையதைப் போலவே ஏமாந்து ஏற்றுக்கொண்டது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது தாம்பரம் சானடோரியமும் முதல் மையங்களில் ஒன்று. அப்போதைய மருந்துக் கூட்டில் ஸ்டாவுடினுக்கு இடமிருந்தது. உயிர் பிழைத்தவர்களில் பலருக்குப் பாதம் எரிந்தது, கன்னத்துக் கொழுப்பு வற்றி முகம் ஒட்டியது. நோயைச் சொல்லாமல் மறைத்து வாழ்ந்தவர்களை அந்த முகமே காட்டிக்கொடுத்தது. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாக விலக்கச் சொன்னது.

அசோல்களிடம் பார்த்த கல்லீரல் நொதிச் சண்டை, வைரஸ் மருந்தில் வேண்டுமென்றே பயன்படுகிறது. கொரோனாவுக்கான நிர்மாட்ரெல்விரைக் கல்லீரல் வேகமாகச் சிதைத்துவிடும். அதைத் தடுக்கவே ரிட்டோனாவிர் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. கொரோனா வைரஸின் மேல் அதற்கு வேலை எதுவும் இல்லை. ஆனால் கல்லீரல் நொதி முடங்கினால் எல்லா மருந்துக்கும்தான் முடங்கும். மாற்றுச் சிறுநீரகத்தோடு டாக்ரோலிமஸ் எடுத்துக்கொண்டிருப்பவர் இந்த ஐந்து நாள் மருந்தைச் சாப்பிட்டால் டாக்ரோலிமஸ் அளவு பல மடங்கு ஏறி அந்தச் சிறுநீரகத்தையே கெடுக்கும். அதனால் இந்த மருந்து நடக்கும்வரை பொதுவாக டாக்ரோலிமஸை நிறுத்திவைப்பார்கள். ரிட்டோனாவிரின் பிடி கடைசி மாத்திரைக்குப் பிறகும் சில நாட்கள் நீடிக்கும் என்பதால், ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைப் பார்த்த பிறகே மீண்டும் தொடங்குவார்கள்.